ஒன்பதரை அடிக்குப் பெய்யும் மழை

வேளச்சேரியில் நாங்கள் இருக்கும் ஃப்ளாட் மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் வண்டிகள் நிற்கும், அதற்கு மேல் மூன்று தளம், அப்புறம் மொட்டை மாடி. தண்ணீர் டேங்க் கிட்டத்தட்ட எங்கள் தலைக்கு நேர் மேலே. மேலே இருந்து வருகிற தண்ணீர் நமக்குத்தானே முதலில் வேகமாக வரும் என்ற நினைப்பில், பாத்ரூமைப் புதுப்பித்தபோது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ரெயின் ஷவர் வாங்கி மாட்டினேன். திறந்தால் ஓரத்து ஓட்டைகள் காய்ந்து கிடந்தன. நடுவிலிருந்து மட்டும் பத்துப் பன்னிரண்டு இழைகள், மழை விட்ட பிறகு ஓட்டு விளிம்பில் இறங்குமே, அந்த மாதிரி இறங்கின. தலையில் போட்ட ஷாம்பு போக மக்கைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வந்த பிளம்பர் ஷவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "டேங்க் எவ்ளோ ஒசரத்துல இருக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே மொட்டை மாடிக்குப் படியேறிவிட்டார்.

டேங்க்கிலிருந்து வீட்டுக்கு வரும் தண்ணீரை எந்த மோட்டாரும் தள்ளுவதில்லை. மோட்டாரின் வேலை சம்ப்பிலிருந்து டேங்க் வரைக்கும்தான். அதற்கப்புறம் தள்ளுவது உயரம் ஒன்றே. டேங்க்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் ஷவரின் வாய்க்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறதோ, அதுதான் நமக்குக் கிடைக்கும் அழுத்தம். எங்கள் வீட்டுக் கணக்கு இது: தரையிலிருந்து கூரை 10 அடி, ஷவர் 7 அடியில். ஆக ஷவரிலிருந்து கூரைக்கு 3 அடி. கான்கிரீட் தளம் அரை அடி. டேங்க் வைத்திருக்கும் மேடை 2 அடி. டேங்க் நிரம்பியிருந்தால் தண்ணீர் 4 அடி. எல்லாம் சேர்த்து 9½ அடி. டேங்க் அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் 5½ அடிதான் மிஞ்சும்.

இப்போது ஷவர் வந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். குறைந்தது 1 பார் அழுத்தம் வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. 1 பார் என்றால் சுமார் 33 அடி உயரத் தண்ணீர். 33 அடி கேட்கிற சாமானை 9½ அடியில் மாட்டிவிட்டு அதைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீழே போகப் போக ஒவ்வொரு மாடிக்கும் பத்தரை அடி கூடும். எங்களுக்கு இரண்டு தளம் கீழே, முதல் மாடியில் இருக்கும் மாமி வீட்டுக்கு அதே டேங்க்கிலிருந்து 30 அடி கிடைக்கிறது. டேங்க்குக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் பஞ்சம்.

அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, பெரிய டேங்க்காக மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆகாது. 1,000 லிட்டர் டேங்க்கில் 4 அடித் தண்ணீர் நின்றாலும் 5,000 லிட்டர் டேங்க்கில் 4 அடித் தண்ணீர் நின்றாலும் கீழே அழுத்தம் ஒன்றுதான். கொள்ளளவு கூடினால் தண்ணீர் ரொம்ப நேரம் வரும், வேகமாக வராது. மேடையை உயர்த்தினால் பலன் உண்டு. ஆனால் 2,000 லிட்டர் தண்ணீர் 2 டன் எடை. அது தூண்களின் மேலும் பீம்களின் மேலும் உட்கார வேண்டும். கட்டட இன்ஜினீயரைக் கேட்காமல் மொட்டை மாடி நடுவில் செங்கல் அடுக்கி ஏற்றுவது ஆபத்து. அப்படியே 6 அடி உயர்த்தினாலும் எங்களுக்கு 15½ அடிதான் வரும், 33 வராது.

உயரம் இருப்பது இவ்வளவுதான் என்று தெரிந்தபின் அடுத்த கேள்வி, இருக்கிற 9½ அடியாவது ஷவர் வரை வந்து சேர்கிறதா என்பது. இதற்கு ஒரு வாளியும் செல்போன் கடிகாரமும் போதும். என்னிடம் இருந்தது 15 லிட்டர் வாளி. ஷவரை மாட்டியபடி பிடித்தால் நிறைய 4 நிமிஷம். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் பைப்பில் பிடித்தால் ஒன்றரை நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு 10 லிட்டர். பைப்பில் வருகிற தண்ணீரை ஷவர்தான் மறிக்கிறது என்பது இதில் தெரிந்துவிட்டது. கழற்றிய பின்னும் அதே மந்தம் என்றால் கோளாறு பின்னால் பைப்பில் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து வெந்நீர் மட்டும் மெலிந்தால் கீசரில் தண்ணீர் நுழையும் இடத்து வால்வில் உப்போ துருவோ அடைத்திருக்கும்.

ஆனால் இந்தச் சோதனையை நான் செய்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. பிளம்பர் சிரித்தார். "காலைல ஏழு மணிக்குப் பிடிச்சுப் பாருங்க சார்." பிடித்தேன். அதே வெறும் பைப்பில் வாளி நிறைய 3 நிமிஷம் ஆனது. பாதித் தண்ணீர் எங்கேயோ போகிறது.

எங்கே போகிறது என்பது மொட்டை மாடியில் தெரிந்தது. டேங்க்கிலிருந்து ஒன்றேகால் இஞ்ச் பைப் ஒன்றே ஒன்று புறப்பட்டு, மூன்று மாடிக்கும் அதுவே கிளை பிரிந்து இறங்குகிறது. காலையில் கீழ் வீடுகளில் எல்லாரும் குழாய் திறக்கும்போது அந்தப் பொதுப் பைப்பில் தண்ணீர் வேகமாக ஓடும். வேகம் கூடினால் உராய்வு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் உராய்வு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அந்த உராய்வுக்குக் கப்பம் கட்டிய பிறகு மிஞ்சுவதுதான் வீடுகளுக்கு. 30 அடி வைத்திருக்கும் முதல் மாடிக்கு 4 அடி போனால் தெரியாது. 9½ அடி வைத்திருப்பவனுக்கு 4 அடி போனால் குளியல் போச்சு.

அந்தப் பைப்பின் தலைப்பில் ஒரு பித்தளை கேட் வால்வு. முழுக்கத் திறந்துதான் இருந்தது. பிளம்பர் சக்கரத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சும்மா சுத்துது சார்" என்றார். கழற்றிக் காட்டினார். உள்ளே தண்ணீரை மறிக்கும் கதவுத் துண்டு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் நின்றுவிட்டது. அதைச் சுற்றி வெள்ளை உப்பு, கிளிஞ்சல் ஒட்டிய மாதிரி. எத்தனை வருஷமாக மூன்று வீடுகளும் அரைக் கதவு வழியாகக் குளித்துக்கொண்டிருந்தோமோ. அந்த இடத்தில் கால் திருப்பில் திறக்கும் பால் வால்வு ஒன்றை, பைப்பின் அதே அளவில், போட்டார். போர் தண்ணீர் உள்ள ஊரில் கேட் வால்வு பழசாகிவிட்டால் இந்த வியாதி சகஜம். சக்கரம் எத்தனை சுற்று சுற்றினாலும் தண்ணீர் கூடவோ குறையவோ இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வாளி 2 நிமிஷத்தில் நிறைந்தது.

வீட்டுக்குள் பார்த்தால், புதுப்பித்தபோது நடந்த இன்னொரு காரியம் உறுத்தியது. துருப்பிடித்த பழைய ஜி.ஐ. பைப்பை எடுத்துவிட்டு அரை இஞ்ச் சி.பி.வி.சி. போட்டிருந்தார்கள். பெயர்தான் அரை இஞ்ச். சுவர் கனம் போக உள்வாய் 12 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதே தண்ணீர் முக்கால் இஞ்ச் பைப்பில் ஓடினால் உராய்வு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறையும். ஒவ்வொரு எல்போவும் ஓர் அடிக்கு மேல் நேர் பைப்பைச் சேர்த்ததற்குச் சமம். எங்கள் லைனில் எட்டு எல்போ எண்ணினேன். டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது, இனி உடைக்க மனசில்லை. பாத்ரூம் வேலை தொடங்கப் போகிறவர்கள் சுவருக்குள் போகும் மெயின் லைனை முக்கால் இஞ்ச்சாகவே டைவர்ட்டர் வரை கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசி இரண்டடிக்கு மட்டும் அரை இஞ்ச் போதும். டேங்க்கில் தனித் துளை போட்டு மேல்மாடிக்கென்று தனி லைன் இறக்க அசோசியேஷன் சம்மதித்தால் அது இன்னும் நல்லது. கீழ் வீட்டுக் குழாய்களுக்கும் உங்களுக்கும் அப்புறம் சம்பந்தமே இருக்காது.

மிச்சம் ஷவர் தலை. தோட்டக் குழாயின் வாயைக் கட்டை விரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரம் பாய்கிறதே, பைப்பை ஒல்லியாக்கினால் நல்லதுதானே என்று கேட்கலாம். விரல் வைத்தால் வெளியே வரும் தண்ணீர் குறைகிறது. அதனால் பைப்பின் நீளத்தில் உராய்வுக்குப் போகும் அழுத்தமும் குறைந்து, வாயில் மிஞ்சுகிறது. வாயைச் சுருக்குவதுதான் வித்தை, வழியைச் சுருக்குவதல்ல. அகலமான ரெயின் ஷவரில் நூற்றுக்கு மேல் ஓட்டைகள், குறைந்த தண்ணீர் அத்தனைக்கும் பிரிந்து செத்துப்போகிறது. மூன்று இஞ்ச் அகலமுள்ள சின்ன ஷவரில் ஓட்டைகள் கொஞ்சம். அதே தண்ணீர் சுள்ளென்று விழும். வாங்கியதும் நூல் மரை பக்கம் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். சிலவற்றில் தண்ணீரை மிச்சப்படுத்தவென்று சின்னத் துளையுள்ள பிளாஸ்டிக் வில்லை இருக்கும். மோட்டார் அழுத்தம் உள்ள வீட்டுக்கு அது சரி, நமக்கு எடுத்துவிடலாம். வலை இருந்தால் மட்டும் விட்டுவைத்து, மாதம் ஒருமுறை மணலைத் தட்டி எடுக்க வேண்டும். உப்பு அடைத்த ஷவரை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். டாய்லெட் கழுவும் ஆசிட் வேண்டாம், குரோம் பூச்சு உரிந்துவிடும்.

கைஷவர் வைத்தால் இன்னொரு லாபம். 7 அடியில் இருக்கும் ஷவரைத் தோள் உயரத்துக்கு இறக்கினால் இரண்டரை அடி அழுத்தம் காசு செலவில்லாமல் சேர்கிறது. மாடி வீட்டுக்கு அது கால் பங்கு. டேங்க் அடியில் கிடக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதிப் பங்கு.

இத்தனைக்கும் பிறகு போதாது என்றால்தான் பிரஷர் பம்ப். கால் முதல் அரை எச்.பி. வரை உள்ளது ஒரு வீட்டுக்குப் போதும். இதில் நான் பார்த்த தப்புகள் மூன்று. பொதுப் பைப்பில் மாட்டினால் பம்ப் மற்ற வீடுகளின் தண்ணீரை உறிஞ்சும். அக்கம்பக்கத்துச் சண்டை நிச்சயம். தனி லைன் எடுத்து அதில்தான் மாட்ட வேண்டும். இரண்டாவது, சில பம்ப்கள் தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் தானாக ஆன் ஆகும். மேல்மாடியில் அந்த ஓட்டமே மெலிவாக இருப்பதால் பம்ப் சும்மா தூங்கும். அழுத்தம் இறங்கினால் ஆன் ஆகும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் பம்ப் வைப்பது. மிக்ஸரில் பச்சைத் தண்ணீர் வெந்நீரைப் பின்னால் தள்ளிவிடும், குளிர்காலத்தில் குளிரக் குளிரக் குளிக்கலாம். கீசருக்குப் பிரியும் முன்பே பம்ப் இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் தண்ணீர் வர பம்ப்பைச் சுற்றி ஒரு பக்க வழியும், அதில் தண்ணீர் திரும்பாத வால்வும் வேண்டும். டேங்க் காலியானால் தானாக நிற்கும் ஏற்பாடு இல்லாத பம்ப் சீக்கிரம் எரியும்.

நான் பம்ப் வைக்கவில்லை. சின்னக் கைஷவரோடு காலை ஏழு மணிக்கு ஷாம்பு போகிறது. பெரிய ரெயின் ஷவரை முதல் மாடி மாமி வாங்கிக்கொண்டார். "ஏன் தம்பி, நல்லாத்தானே கொட்டுது, இதைப் போய் வேண்டாங்கறியே" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.