கைமரம் எங்கே முடிகிறது?

ஐரோப்பியக் கதைகளுக்கு வரையப்படும் படங்களில் கூரையடி அறை அடிக்கடி வரும். இரு பக்கமும் சரிந்து இறங்கும் உட்கூரை, அதில் துருத்திக்கொண்டு நிற்கும் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் பனி மூடிய ஊர், தலைக்கு மேல் கருத்த மரக்கட்டைகள், கீழே ஒரு கட்டில். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால், ஏதாவது ஒரு கட்டையின் மேல் விரலை வைத்து அது போகும் வழியே நகர்த்திப் பாருங்கள். நல்ல படத்தில் விரல் ஒரு சுவரையோ இன்னொரு கட்டையையோ போய்ச் சேரும். பல படங்களில் பாதி வழியிலேயே வெறும் சுண்ணாம்புப் பூச்சில் நின்றுவிடும். அந்தக் கட்டை எதையும் தாங்கவில்லை, அதையும் எதுவும் தாங்கவில்லை. அந்தரத்தில் மிதக்கிறது.

கூரையடி அறையைச் சாதாரண அறையாக நினைத்து, நாலு சுவரைப் போட்டுவிட்டு மேலே கொஞ்சம் சாய்த்து வரைவதில்தான் தப்பு தொடங்குகிறது. அங்கே முதலில் வந்தது கூரை. மழையும் பனியும் தங்காமல் வழிய வேண்டும் என்பதற்காக வட ஐரோப்பாவில் கூரையைச் செங்குத்தாக எழுப்பினார்கள். அதனால் உள்ளே ஒரு பெரிய முக்கோண வெற்றிடம் கிடைத்தது. முதலில் சாமான் போட்டார்கள், பிறகு வேலைக்காரர்களையும் கையில் காசில்லாதவர்களையும் குடிவைத்தார்கள். ஆகவே வரைகிறவர் முதலில் போட வேண்டியது அந்த முக்கோணத்தை.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூரையின் எலும்புக்கூடு புதிதல்ல. உச்சியில் நீளவாக்கில் ஓடுவது முகட்டு வளை. அதிலிருந்து இரு பக்கமும் இறங்குபவை கைமரங்கள். கைமரத்தின் கால் சுவரின் தலையில் கிடத்திய சட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கூரையின் பாரம் கைமரங்களின் கால்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். தள்ளினால் சுவர் சாயும். அதைத் தடுக்க, எதிரெதிர்க் கால்கள் இரண்டையும் குறுக்கே ஒரு விட்டம் இழுத்துப் பிடிக்க வேண்டும். கூரையடி அறைகளில் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது தரைக்கு அடியில் ஓடும் விட்டங்கள்தான். மேலே, ஆள் உயரத்துக்குச் சற்று மேல், ஒவ்வொரு ஜோடிக் கைமரத்துக்கும் நடுவே இன்னொரு குறுக்குக் கட்டை இருக்கலாம். படங்களில் நாம் ரசித்துப் பார்க்கும் உத்தரம் அதுவே.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் தெருவை ஒட்டி வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று. முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே 6 மீட்டர். கூரையின் சரிவு 45 பாகை. கைமரங்கள் மாடித் தரையின் மட்டத்திலேயே கிளம்புகின்றன. கட்டைகளின் தடிமனை இப்போதைக்கு மறந்துவிடுவோம். 45 பாகைச் சரிவில் ஒரு வசதி உண்டு. கூரையின் ஓரத்திலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே வருகிறோமோ, அத்தனை மீட்டர் உயரம் கிடைக்கும். நடுவில் 3 மீட்டர் உள்ளே என்றால் முகடு 3 மீட்டர் உயரம்.

இனி கணக்கு தானாக வரும். 2 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒருவர் நிமிர்ந்து நடக்கலாம் என்று வைத்தால், அப்படி நடக்க நடுவில் கிடைப்பது 2 மீட்டர் அகலப் பாதை மட்டுமே. 6 மீட்டர் வீட்டில் மற்றதெல்லாம் குனிகிற இடம். ஓரத்து ஒடுக்கம் எதற்கும் உதவாது என்று, உயரம் 1 மீட்டர் இருக்கும் இடத்தில் இரு பக்கமும் குட்டையாக ஒரு சுவர் எழுப்பிவிடுவார்கள். அறையின் அகலம் இப்போது 4 மீட்டர்.

குறுக்கு உத்தரத்தை இந்த அறையில் 2.3 மீட்டர் உயரத்தில் போட்டால் அதன் நீளம் எவ்வளவு? வெறும் 1.4 மீட்டர். இதை முதலில் கேட்கிறவர்கள் நம்புவதில்லை. படங்களில் தலைக்கு மேல் அறை முழுக்க நீண்டு கிடக்கும் உத்தரத்தைப் பார்த்துப் பழகிய கண். இந்த வீட்டில் 4 மீட்டர் நீள உத்தரம் வேண்டுமானால் அது 1 மீட்டர் உயரத்தில், இடுப்பை இடிக்கும் இடத்தில்தான் இருக்க முடியும். உத்தரம் மேலே ஏற ஏறக் குறுகும், கீழே இறங்க இறங்க நீளும். ஒரே உயரத்தில் இருக்கும் உத்தரங்கள் எல்லாம் ஒரே நீளம். இந்த விதி மீறப்பட்ட படத்தில், காரணம் புரியாவிட்டாலும், பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும்.

அடுத்தது ஜன்னல். அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். டார்மர் ஜன்னல் என்பது சரிவில் வெட்டிய ஓட்டை அல்ல. சரிவைத் திறந்து, அங்கே ஒரு சிறு வீட்டையே செருகியது மாதிரி. அதற்குச் செங்குத்தான முன்சுவர் உண்டு, தனிக் கூரை உண்டு, இரு பக்கமும் கன்னம் போல இரண்டு சிறு சுவர்கள் உண்டு. நம் வீட்டில் முன்சுவர் குட்டைச் சுவரின் மேலேயே நிற்கட்டும். ஜன்னலின் அடிக்கட்டை 1 மீட்டர் உயரத்தில். ஜன்னல் மாடத்தின் உட்கூரை 2.2 மீட்டர் உயரத்தில், மட்டமாக. அந்த மட்டம் அறைக்குள் எதுவரை வரும்? பெரிய சரிவும் 2.2 மீட்டர் உயரத்தைத் தொடும் இடம் வரை. அதாவது முன்சுவரிலிருந்து 1.2 மீட்டர்.

கன்னச் சுவரின் வடிவம் இதிலிருந்து வந்துவிடுகிறது. ஒரு பக்கம் செங்குத்து, 1.2 மீட்டர். மேல் பக்கம் மட்டம், அதுவும் 1.2 மீட்டர். மூன்றாவது பக்கம் பெரிய கூரையின் சரிவோடு சேர்ந்து இறங்குவது, ஏறக்குறைய 1.7 மீட்டர். முக்கோணம். கன்னத்தைச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வரைந்த படங்கள் ஏராளம். அப்படி ஒரு சுவர் இருக்க வேண்டுமானால் ஜன்னலுக்குப் பக்கத்தில் கூரையே சரியக் கூடாது. படத்தைச் சோதிக்கச் சுருக்கமான வழி, கன்னத்தின் சாய்ந்த விளிம்பையும் அதன் பக்கத்துக் கைமரத்தையும் ஒப்பிடுவது. இரண்டும் ஒரே சரிவில் இறங்க வேண்டும். கன்னம் ஒரு கோணத்திலும் கூரை வேறு கோணத்திலும் போனால், அந்த அறையைக் கட்ட எந்தத் தச்சராலும் முடியாது.

ஜன்னல் வந்த இடத்தில் கைமரங்கள் என்ன ஆயின? இங்கிலாந்தில் கைமரங்களை 40 சென்டிமீட்டர் இடைவெளியில் அடிப்பது வழக்கம் என்பதால், 1.2 மீட்டர் அகலத் திறப்பில் இரண்டு கைமரங்களை அறுக்க வேண்டி வரும். அவை சுமந்த பாரம் எங்காவது போயாக வேண்டும். அதற்காகத் திறப்பின் மேல்விளிம்பில் குறுக்கே ஒரு கனத்த கட்டையைப் போட்டு, அறுத்த கைமரங்களின் மேல்பாதியை அதில் பொருத்துவார்கள். அந்தக் குறுக்குக் கட்டை இரு பக்கத்துக் கைமரங்களில் போய் உட்காரும். கூடுதல் பாரம் வருவதால் அந்த இரண்டையும் இரட்டைக் கட்டையாக்கிவிடுவார்கள். கூரைமரம் வெளியே தெரியும் அறையை வரையும்போது இதைக் காட்டலாம், காட்டினால் படத்துக்கு நம்பகம் கூடும். முகட்டிலிருந்து இரண்டு குட்டைக் கைமரங்கள் இறங்கி ஒரு குறுக்குக் கட்டையில் நிற்கும், அதன் கீழே மாடம் திறக்கும். வழக்கமாக நடப்பது வேறு. கைமரம் கண்ணாடிக்குக் குறுக்கே ஓடும், அல்லது திறப்பின் ஓரத்தில் மொட்டையாக நின்றுவிடும்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் தூரக்காட்சியில் படம் கெடுவதுண்டு. இதில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதுதான் எல்லாம். முக்கோணமான பக்கச் சுவரை நேராகப் பார்த்து நின்றால் வேலை சுலபம். கைமரங்கள் தாளில் உண்மையான 45 பாகையிலேயே விழும். தூரத்தில் உள்ளவை சிறுக்குமே தவிரச் சாய்வு மாறாது. முகட்டு வளை, தரைப்பலகை, கட்டிலின் பக்கச்சட்டம் ஆகியவை மட்டும் நம் கண் மட்டத்தில் ஒரு புள்ளியை நோக்கி ஓடும். கண் 1.5 மீட்டர் உயரத்தில் என்றால், அந்தப் புள்ளி தரைக்கும் முகட்டுக்கும் சரிபாதியில்.

திரும்பி ஜன்னலை நேராகப் பார்த்தால் கதையே மாறிவிடும். இப்போது கைமரங்கள் நம்மை விட்டு விலகிக்கொண்டே கீழே இறங்குகின்றன. அவை குவியும் புள்ளி கண் மட்டத்தில் இருக்காது, அதற்கு நேர் கீழே, பெரும்பாலும் தாளின் விளிம்புக்கும் கீழே இருக்கும். அதனால் கைமரங்களுக்கு இடையிலான சந்து மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் தெரிய வேண்டும், மேல்முனைதான் நமக்குப் பக்கம் என்பதால். பழக்கதோஷத்தில் பலர் இவற்றையும் கண் மட்டத்துப் புள்ளிக்கே இழுத்துவிடுவார்கள். உடனே சரிவு காணாமல் போய், உட்கூரை மட்டமான தளம் போலத் தெரியும். கன்னங்களின் சாய்ந்த விளிம்புகளும் அந்தக் கீழ்ப்புள்ளிக்கே போக வேண்டும்.

கட்டிலை எங்கே போடுவது? தலைமாட்டைக் குட்டைச் சுவரில் ஒட்டி வைப்பது படத்தில் நன்றாக இருக்கும். மெத்தையின் மேல்மட்டம் 50 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சுவரில் சாய்ந்து உட்கார்கிறவரின் தலை அதிலிருந்து சுமார் 85 சென்டிமீட்டர் மேலே, அதாவது தரையிலிருந்து 1.35 மீட்டர். ஆனால் சுவருக்குப் பக்கத்தில், தலை இருக்கும் இடத்தில், கூரை 1.15 மீட்டருக்கு மேல் இல்லை. காலையில் எழுந்ததும் நெற்றி கைமரத்தில். உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால் தலைமாட்டைப் பக்கச் சுவருக்கு மாற்றி, கட்டிலையும் நடுவை நோக்கி நகர்த்த வேண்டும். 1839-இல் கார்ல் ஷ்பிட்ஸ்வெக் வரைந்த ‘ஏழைக் கவிஞன்’ ஓவியத்தில் கட்டிலே கிடையாது. கவிஞர் தரையில் விரித்த மெத்தையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்கிறார், மேலே ஒழுகலுக்கு விரித்த குடை தொங்குகிறது. வறுமையைக் காட்டத்தான் அப்படி வரைந்தார். ஆனால் சரிவுக்கடியில் உட்கார இடம் கிடைப்பதும் கட்டிலின் உயரம் மிச்சமானதால்தான். ஒரு முழம்கூட இல்லாத அந்தச் சிறிய ஓவியம் மியூனிக்கின் நோயே பினாகோதெக் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

மரக்கட்டைகளை எத்தனை காட்டுவது என்பதும் யோசிக்க வேண்டியதே. இன்றைய குளிர்நாட்டு அறைகளில் கைமரங்களுக்கு நடுவே வெப்பக்காப்பு அடைத்து, மேலே பலகை அடித்துப் பூசிவிடுகிறார்கள், கைமரமே தெரியாது. 1960-களுக்குப் பிறகு இங்கிலாந்தில் பரவிய ஆயத்தக் கூரைச்சட்டங்களில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கட்டைகள் அடைத்திருக்கும். கூரையை மாற்றி வலுப்படுத்தாமல் அதற்குள் அறையே அமைக்க முடியாது. கருத்த, கோணல்மாணலான கனத்த கட்டைகள் பழைய வீட்டுக்கே பொருந்தும். அங்கும் எல்லாக் கைமரமும் ஒரே பருமன் அல்ல. சில மீட்டருக்கு ஒன்றாகப் பருத்த ஜோடி, அவற்றின் மேல் நீளவாக்கில் துணை வளை, அதன் மேல் மெல்லிய கைமரங்கள். துணை வளையின் இரு முனையும் பருத்த ஜோடியிலோ பக்கச் சுவரிலோ செருகியிருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது அலமாரி. 2 மீட்டர் உயர அலமாரியைச் சரிவுப் பக்கம் தள்ளினால், அதன் முதுகு கூரை 2 மீட்டரைத் தொடும் இடத்தில் நின்றுவிடும், பின்னால் குட்டைச் சுவர் வரை ஒரு மீட்டர் காலியிடம் கிடக்கும். அதைச் சுவரோடு ஒட்டி வரைந்திருக்கும் படங்களில், அலமாரியின் மேல்பாதி ஓட்டைப் பிளந்துகொண்டு தெருவுக்கு மேல் நிற்கிறது என்று அர்த்தம். உயரமான அலமாரிக்கு இந்த அறையில் இருக்கும் இடம் பக்கச் சுவரின் நடுப்பகுதி ஒன்றுதான். கட்டிலின் தலைமாட்டை ஒரு பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டீர்கள் என்றால், அலமாரி எதிர்ப்பக்கச் சுவருக்குப் போக வேண்டும்.