துண்டுத்தாள் சுற்றறிக்கையாகும்போது

"வெள்ளி மதியம் பேரண்ட்ஸ் மீட்டிங். டென்த். காலாண்டு மார்க். ஹால். கிளாஸ் டீச்சர்ஸ் சொல்லிடணும்."

தலைமையாசிரியர் துண்டுத்தாளில் கிறுக்கித் தரும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுதியவருக்கு இதில் எல்லாம் புரியும். படிப்பவருக்கோ எந்த வெள்ளி, எத்தனை மணி, அ பிரிவா ஆ பிரிவா, மாணவர்களும் வர வேண்டுமா என்று கேள்விகள் எழும். சுற்றறிக்கை தயாரிப்பவர் தட்டச்சில் உட்காரும் முன்பே இவற்றைக் கேட்டு முடித்துவிட வேண்டும். விடை கிடைத்ததும் அது இப்படி உருவாகும்:

சுற்றறிக்கை எண்: 27/2025-26
நாள்: 07.10.2025

பொருள்: 10ஆம் வகுப்பு – பெற்றோர் கூட்டம் – தொடர்பாக.

10-அ, 10-ஆ மாணவர்களின் பெற்றோர் கூட்டம் 10.10.2025 வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30 மணிக்குப் பள்ளி அரங்கில் நடைபெறும். வகுப்பாசிரியர்கள் 08.10.2025 அன்று மாணவர்களின் நாட்குறிப்பேட்டில் இதை எழுதச் செய்து, மறுநாள் பெற்றோர் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியலைக் கூட்டத்துக்கு எடுத்துவர வேண்டும். அலுவலக உதவியாளர் பிற்பகல் 2 மணிக்குள் அரங்கைத் திறந்து இருக்கைகளைப் போட வேண்டும்.

தலைமையாசிரியர்

பெறுநர்: 10-அ, 10-ஆ வகுப்பாசிரியர்கள்; அலுவலக உதவியாளர்
நகல்: அறிவிப்புப் பலகை, கோப்பு

எண்ணை நினைவிலிருந்து போடக் கூடாது. சுற்றறிக்கைப் பதிவேட்டில் கடைசி வரி 26 என்றால், அடுத்த வரியில் 27, நாள், பொருள் மூன்றையும் எழுதிய பிறகே தாளில் அந்த எண் ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஒரே எண்ணில் இரண்டு சுற்றறிக்கைகள் வந்துவிடும். மேலே உள்ள நாள் கையொப்பமிட்டு வெளியிடும் நாள், கூட்டம் நடக்கும் நாள் அல்ல. கூட்ட நாளோடு கிழமையையும் சேர்த்து எழுதினால், தட்டச்சில் ஓர் இலக்கம் தவறினாலும் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும்.

அதிகம் தவறுவது பெறுநர் பட்டியலில்தான். துண்டுத்தாளில் வகுப்பாசிரியர்கள் மட்டுமே இருந்தார்கள். அரங்கைத் திறப்பது யார் என்று கேட்ட பிறகுதான் அலுவலக உதவியாளர் வந்தார். அவர் பட்டியலில் விடுபட்டால், 2.30 மணிக்குப் பெற்றோர் பூட்டிய கதவின் முன் நிற்பார்கள். இதற்கு எளிய சோதனை உண்டு. உள்ளடக்கத்தில் வேலை ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் அடிக்கோடிட்டு, பெறுநர் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வேலை இருப்பவர் பெறுநரில் வர வேண்டும். தகவலுக்காக மட்டும் என்றால் நகல் போதும். பெறுநர்கள் படித்துக் கையொப்பமிட்ட பிரதியே கோப்புக்குப் போக வேண்டும்.

நேரம் பின்னர் மாறினால் பழைய தாளில் பேனாவால் திருத்தக் கூடாது. ஏற்கெனவே படித்துக் கையொப்பமிட்டவர் அதை மறுபடி பார்க்கமாட்டார். புதிய எண்ணில் புதிய சுற்றறிக்கை எழுதி, பார்வையில் 27/2025-26, நாள் 07.10.2025 என்று குறித்து, பழைய பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்ப வேண்டும்.