இருபது படகுக்கும் பத்துப் படகுக்கும் ஒரே மீன்

கியா பார்ம் பக்கம் போனவர்கள் தேயிலைச் சரிவுகளைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சரிவில் எத்தனை பேரைக் கொழுந்து பறிக்க இறக்குவது என்பதை நிர்வாகம் முடிவு செய்கிறது. கூடுதலாக இறக்கும் ஆள் தன் கூலிக்கு ஈடாகப் பறிப்பாரா என்று அது கணக்குப் பார்க்கும். யாரும் இறங்கலாம் என்ற கடலில் அப்படிக் கணக்குப் பார்க்க ஆளில்லை. அதன் விளைவை 1954-இல் கனடாவின் பொருளியலாளர் ஸ்காட் கோர்டன் விளக்கினார்.

ஒரு சிறிய விரிகுடாவைக் கற்பனை செய்யுங்கள். ஒரு படகுக்கு டீசல், கூலி, வலை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 100 ரிங்கிட் செலவு. படகுகள் பெருகினால் மீன் இருப்பு குறையும். எனவே ஒரு படகு கூடும்போதெல்லாம் ஒவ்வொரு படகின் வருமானமும் 10 ரிங்கிட் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே படகு இருந்தால் 290 ரிங்கிட். பத்து இருந்தால் தலா 200.

விரிகுடா ஒருவருக்கே சொந்தமானால் அவர் பத்துப் படகோடு நிறுத்துவார். வரவு 2,000, செலவு 1,000, மிச்சம் 1,000. நிலத்துக்கு வாரம் கிடைப்பது போல, இது கடல் தரும் வாரம்.

யாரும் வரலாம் என்றால் பதினோராவது படகு வரும். அதற்கு 190 கிடைக்கும். செலவு போக 90 இலாபம். ஆனால் மற்ற பத்துப் படகுகளும் தலா 10 இழக்கின்றன. அந்த 100 புதியவரின் கணக்கில் ஏறுவதில்லை. இப்படியே வந்து, இருபதாவது படகில் ஒவ்வொருவர் வருமானமும் 100-க்கு இறங்கும்போதுதான் வரவு நிற்கும். மொத்த வருமானம் அதே 2,000, செலவும் 2,000. பிடிபடும் மீன் கூடவில்லை. வாரம் முழுவதும் டீசலாகவும் வலையாகவும் கரைந்துவிட்டது. கடலில் மீன் இருப்போ பாதியாகிவிட்டது.

ஆகவே துறைமுகத்தில் இறங்கும் மொத்த மீனைப் பார்த்து நிலைமையை அறிய முடியாது. ஒரு படகு ஒரு நாளில் பிடிப்பது எவ்வளவு என்பதே சரியான அளவுகோல்.

மலாக்கா நீரிணையில் 1960-களில் இழுவைப் படகுகள் பெருகின. கரையோர மீனவர்களோடு மோதல்கள் மூண்டு உயிர்களும் பலியாயின. பின்னர் அரசு உரிமம் வழங்குவதைக் கட்டுப்படுத்தி, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகளைத் தடுத்தது. ஆனால் படகுகளின் எண்ணிக்கையை மட்டும் கட்டுப்படுத்தினால், இருக்கும் படகில் பெரிய எஞ்சினைப் பொருத்தி முயற்சியைக் கூட்ட வழியுண்டு. வாரம் அந்த வழியிலும் கரையும்.

தனி உரிமையாளரும் முழுத் தீர்வல்ல. பத்துப் படகு மீனவர்கள் கரையேற வேண்டும். மிச்சமாகும் 1,000 ரிங்கிட் அவர் பைக்கே போகும். கோர்டனின் கணக்கு வீண் செலவு எவ்வளவு என்று காட்டும். மிச்சத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.