உங்களுக்குத் தெரியுமா? ஊருக்குப் புதுசா? பயோவில் என்ன எழுதலாம்?

★ 1695 ஜூலையில் லண்டனில் ஜான் ஹூட்டன் நடத்திவந்த வார இதழில் ஒரு விளம்பரம் வந்தது. விவசாயமும் வியாபாரமும் பேசும் இதழ் அது. சுமார் 30 வயது, நல்ல சொத்துள்ள ஆண். 3,000 பவுன் அளவுக்குச் சொத்துள்ள பெண் கிடைத்தால் மணக்கத் தயார். அச்சில் வந்த துணை தேடும் விளம்பரங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. நம் ஊர் 'மணமகள் தேவை' இன்றைக்கும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் போகிறது: வயது, வேலை, சம்பளம், சொந்த வீடு.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தவர் நண்பரோ துணையோ தேடும் ஆப்பில் பயோ எழுத உட்கார்ந்தால் கை தானாக அந்த வரிசைக்கே போகிறது. "ஐ.டி.யில வேலை" என்று ஆரம்பித்தால் வரும் முதல் கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதாகத்தான் இருக்கும். ஆபீஸுக்கு வெளியே நாலு பேரைத் தெரிந்துகொள்ளலாம் என்று வந்த இடத்திலும் ஆபீஸ் பேச்சு. வேலையைப் போட ஆப்பில் தனிக் கட்டமே இருக்கிறது. பயோவில் அதற்கு ஒரு வரிகூடத் தர வேண்டாம்.

★ ஒருவர் நமக்கு நண்பராக எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்தவர் இருக்கிறார். கேன்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால். 2018இல் வெளியான அவருடைய ஆய்வின் ஒரு பகுதியில் கலந்துகொண்ட 355 பேரும் அப்போதுதான், ஆறு மாதத்துக்குள், புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்கள். அறிமுகமான ஒருவர் சாதாரண சினேகிதராகச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் என்று கணக்கு வந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் உண்டு: சேர்ந்து வேலை பார்த்த நேரம் அந்த அளவுக்குக் கணக்கில் ஏறவில்லை. பக்கத்து சீட்காரரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தும் ஞாயிற்றுக்கிழமை போன் போடத் தோன்றாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த 50 மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 25 வாரம், கிட்டத்தட்ட அரை வருஷம். "ஒரு காபி சாப்பிடலாமா?" என்று அழைக்கும் பயோ தருவது ஒரு மணி நேரம். அந்தக் காபி எவ்வளவு நன்றாகப் போனாலும் மீதி 49 மணி நேரத்துக்கு ஒரு வழி வேண்டும். நண்பர் தேடும் பயோ வாரா வாரம் நடக்கக்கூடிய ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது இதனால்தான்.

★ பாளையங்கோட்டையிலிருந்து வந்து வேளச்சேரியில் ரூம் எடுத்திருக்கும் 27 வயது டெஸ்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதியது:

"திருநெல்வேலி பையன். ஐ.டி. சென்னைக்குப் புதுசு. பாட்டு, படம், பயணம், சாப்பாடு பிடிக்கும். நல்ல ஃப்ரெண்ட்ஸ் வேணும், அதுக்கு மேல அமைஞ்சா சந்தோஷம். ஊரைச் சுத்திக் காட்ட யாராவது இருக்கீங்களா?"

பாட்டும் சாப்பாடும் பிடிக்காத ஆள் யார்? அந்த வரியைப் படித்து அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. "ஊரைச் சுத்திக் காட்ட" என்றதும் படிப்பவர் சம்பளமில்லாத கைடு ஆகிவிடுகிறார். "அதுக்கு மேல அமைஞ்சா" என்பதுதான் பெரிய கேடு. நட்புக்காக வந்தவர் இவர் மனசில் வேறு கணக்கு இருக்கிறது என்று ஒதுங்குவார்; காதலுக்காக வந்தவர் ஆள் தெளிவாக இல்லை என்று ஒதுங்குவார். ஒரே வரியில் இரண்டு பேரையும் அனுப்பியாயிற்று.

பம்பிள் ஆப் 2016இல் நண்பர் தேடுவதற்கென்று தனிப் பகுதி திறந்தது. 2023இல் அதையே தனி ஆப்பாகவும் கொண்டுவந்தது. வசதி இருக்கும்போது இரண்டு பயோ எழுதிவிடுவதே நல்லது. நட்புக்கு:

"நெல்லைக்காரன், சென்னை வந்து நாலு மாசம். வேளச்சேரி பக்கம் வாரம் ஒருநாள் ரெண்டு மணி நேரம் ஷட்டில். மூணு பேர் இருக்கோம், டபுள்ஸுக்கு இன்னொருத்தர் வேணும். சுமாரா ஆடினா போதும். முடிஞ்சதும் டிபன். நீங்க கடைசியா எப்ப பேட்டைத் தொட்டீங்க?"

இதில் காலியாக இருக்கும் இடம் எது என்று படிப்பவருக்குத் தெரிகிறது: நாலாவது ஆள். மூன்று பேர் இருப்பதால் முன்பின் தெரியாத ஒருவரோடு தனியாக மாட்டிக்கொள்ளும் பயமும் குறைகிறது. "சுமாரா ஆடினா போதும்" என்பது, பள்ளிக்கூடத்தோடு ஆட்டத்தை விட்டவரையும் உள்ளே அழைக்கிறது. அந்த டிபனைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பேச்சு நடப்பது அங்கேதான், கோர்ட்டில் மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருக்கும். ஷட்டில் ஆடாதவர் ஷட்டிலைப் போடக் கூடாது. கேரம், பறவை பார்த்தல், சனிக்கிழமை நூலகம் என்று உண்மையில் வாரா வாரம் செய்வது எதுவோ அது வரட்டும்.

★ டேட்டிங்குக்கு இதே கணக்கு பொருந்தாது. அங்கே முதல் சந்திப்பு சின்னதாக, எப்போது முடியும் என்று தெரிவதாக இருப்பதே இருவருக்கும் நிம்மதி.

"நெல்லைக்காரன், சென்னை வந்து நாலு மாசம். சொதி நல்லா வைப்பேன், தேங்காய்ப்பால் மூணும் நானே எடுப்பேன். தொட்டுக்க இஞ்சித் துவையலா, உருளைக்கிழங்கா? பெசன்ட் நகர் பீச்ல ஒரு மணி நேரம் நடந்துக்கிட்டே வாதாடலாம். நிலையான உறவு தேடுறேன், அவசரமில்ல."

சொதி திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைப்பது. அதை டேட்டிங் பயோவில் போடுவது கொஞ்சம் முந்திக்கொண்ட மாதிரிதான்! ஆனால் "சமைப்பேன்" என்றால் நம்பாதவர்கூட மூன்று பாலையும் தனித்தனியாக எடுப்பவரை நம்புவார். கடைசி வரியை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். என்ன தேடுகிறீர்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டால் இரண்டு மாதம் பேசிய பிறகு வரும் மனக்கசப்பு மிச்சம்.

★ இரண்டு பயோவிலும் ஒரு கேள்வி இருப்பதைக் கவனித்தீர்களா? ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் அவருடைய சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் ஸ்பீட் டேட்டிங் உரையாடல்களையும் அலசினார்கள். எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டவர்களுக்கே மறுபடி சந்திக்கும் வாய்ப்பு அதிகம் கிடைத்தது. ஆகவே "இஞ்சித் துவையல்தான்" என்று பதில் வந்தால் "சூப்பர்" என்று முடித்துவிடாமல், "உங்க வீட்ல அதுல புளி சேப்பாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

பயோ வேலை செய்கிறதா என்பதை வருகிற முதல் செய்தியே சொல்லிவிடும். வெறும் "ஹாய்" மட்டும் வந்துகொண்டிருந்தால் பிடித்துப் பேச பயோவில் ஒன்றும் இல்லை என்று பொருள். எல்லோரும் வேலையைப் பற்றியே கேட்டால் பயோவிலோ படத்திலோ ஆபீஸ் வாடை தூக்கலாக இருக்கிறது, கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும் படத்தை முதலில் எடுங்கள்.

★ நியூயார்க்கில் ஆன்லைன் டேட்டிங் செய்த 80 பேரை வரவழைத்து உயரம் அளந்து, எடை பார்த்து, வயதைச் சரிபார்த்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் 81 சதவீதம் பேர் மூன்றில் ஒன்றையாவது மாற்றிச் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் சின்னப் புளுகுதான். ஆனால் ஒன்றரை அங்குலம் கூட்டிப் போட்டவர் பீச்சில் பக்கத்தில் நடக்கும்போது அது தெரியாமலா போகும்?

★ 2024இல் ஹைதராபாத், டெல்லி, மும்பை என்று பல நகரங்களிலிருந்து ஒரே மாதிரிப் புகார் வந்தது. ஆப்பில் மேட்ச் ஆனவர் இரண்டொரு நாளிலேயே சந்திக்கக் கூப்பிடுவார். குறிப்பிட்ட ஒரு பப் அல்லது கஃபேக்கு அழைத்துப் போவார். விலை பார்க்காமல் ஆர்டர் போவதும், நடுவில் அவர் ஏதோ காரணம் சொல்லி எழுந்து போவதும், பில் பல்லாயிரத்தில் வந்து நிற்பதும் எங்கும் ஒரே கதை. கடைக்காரர்களுக்கும் அதில் பங்கு இருந்ததாகப் புகார்.

"ஊருக்குப் புதுசு, இடம் எதுவும் தெரியாது, நீங்களே சொல்லுங்க" என்ற வரி இவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு. பயோவிலேயே பீச், பூங்கா, நூலகம் என்று இடத்தை நீங்கள் சொல்லிவிட்டால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். எதிராளி வேறு இடம் சொல்வதில் தப்பில்லை. நீங்கள் மாற்று இடம் சொன்ன பிறகும் அந்த ஒரே கடைதான் என்று அடம்பிடித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

★ ஆப்கள் காட்டும் "இத்தனை கிலோமீட்டர் தூரத்தில்" என்ற தகவலை வைத்து ஒருவர் இருக்கும் இடத்தையே கணிக்க முடிந்த ஓட்டை டிண்டரில் இருந்தது 2014இல் வெளியே வந்தது. மூன்று இடங்களிலிருந்து தூரம் பார்த்தால் போதும். அது அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் பி.ஜி. பெயர், ஆபீஸ் பஸ் ஏறும் நிறுத்தம், தினமும் ஓடப்போகும் நேரம் ஆகியவற்றை நாமே பயோவில் எழுதிவிட்டால் ஓட்டையே தேவையில்லை. "வேளச்சேரி பக்கம், வாரம் ஒருநாள்" வரை போதும். எந்தக் கோர்ட், எத்தனை மணி என்பது பேசிப் பழகிய பிறகு.

★ டிண்டர் பயோவுக்கு 500 கேரக்டர், பம்பிளில் 300, ஹிஞ்சில் மூன்று பதில்கள், ஒவ்வொன்றுக்கும் 150. தமிழில் எழுதுபவர்களுக்கு இதில் ஒரு சங்கடம். "திருநெல்வேலி" நமக்கு 6 எழுத்து. யூனிகோடு முறையில் கணினி அதை 12 குறிகளாக வைத்திருக்கிறது. கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனி. குறிகளை எண்ணும் ஆப்பில் 12 போய்விடும். தங்கிலீஷில் அடித்தால் மிச்சமாகும் என்று பார்த்தால் அதற்கும் 11 வேண்டும். "நெல்லை" என்றால் 6.