பயிற்றுநர் உரையைச் சுருக்கி வரைதல்

பள்ளி இறுதி வகுப்பில் படித்தவர் எவரும் ‘சுருக்கி வரைக’ என்னும் வினாவை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பத்தியைக் கொடுத்து, அதை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குமாறு கேட்பது வழக்கம். அந்தப் பயிற்சியை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கற்பித்திருக்கிறேன். இன்று அதே பயிற்சியை ஆடுகளத்துக்குக் கொண்டு செல்வது எப்படி என்பதைச் சொல்ல விரும்புகிறேன். விளையாட்டுப் பயிற்றுநர் தம் அணியினரிடம் பேசிய பேச்சைப் பதிவு செய்து, அதிலிருந்து ஆட்ட உத்திகளையும், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உரிய பணியையும் பிரித்து எழுதுவதுதான் அது.

இதற்கு எடுத்துக்காட்டாக நம் கபடி ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். 1990ஆம் ஆண்டு பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம் பெற்ற இந்த ஆட்டம், 2014 முதல் புரோ கபடிப் போட்டிகளின் வாயிலாக வீடுதோறும் தொலைக்காட்சியில் காணக் கிடைக்கிறது. ஆட்டம் நிற்கும் சிறு இடைவேளையில் பயிற்றுநர் சொல்வதும் ஒலிவாங்கி வழியே நம் காதில் விழுகிறது. அதைக் கேட்டவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். பயிற்றுநர் கட்டுரை படிப்பதில்லை. சொன்னதையே திரும்பச் சொல்வார், நடுவில் கண்டிப்பார், சொன்னதை மாற்றுவார், கையால் சுட்டிக் காட்டுவார். ஆகவே ஏட்டுப் பத்தியைச் சுருக்குவது போல இதைச் சுருக்க இயலாது.

விழுப்புரத்துப் பள்ளி அணி ஒன்று திண்டிவனத்து அணியோடு ஆடப் போவதற்கு முந்தின நாள் மாலை, அதன் உடற்கல்வி ஆசிரியர் ஏழு நிமிடம் பேசினார். மாணவர் ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்தார். அந்தப் பதிவை மாணவர்களோடு அமர்ந்து நான் சுருக்கிய முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதன்முறை கேட்கும்போது எழுதுகோலைத் தொடலாகாது. முழுவதையும் ஒரு தடவை கேட்டால்தான் பின்னால் வரும் சொல் முன்னால் வந்ததை எப்படி மாற்றுகிறது என்பது தெரியும். இரண்டாம் முறை, பதிவை நிறுத்தி நிறுத்தி, கட்டளையாக வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் பேசிய பேச்சு வழக்கிலேயே எழுதி, அது வந்த நிமிடத்தையும் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவில் இருந்த முக்கியமான வாக்கியங்கள் இவை.

இரண்டாம் நிமிடம்: “அவங்க மூணாம் நம்பர் எடது பக்கமாத்தான் வருவான். வந்ததும் பாயாதீங்கடா. போன தடவ அதத்தான் பண்ணீங்க, ரெண்டு பேர் வெளிய போனீங்க. போனஸ் கோட்டுக்குக் கால நீட்டுவான் பாரு, அப்பத்தான் கார்னர் கணுக்காலப் பிடிக்கணும்.”

நான்காம் நிமிடம்: “மொதல் ரெய்டு ஏழாம் நம்பர் போ. இல்ல, இல்ல, ஒம்போது மொதல்ல போகட்டும், ஏழு ரெண்டாவது. ஒம்போது, நீ போனஸ் பாரு. அவங்க ஆறு பேர் உள்ள இருக்கற வரைக்கும்தான்.”

ஐந்தாம் நிமிடம்: “நம்ம மூணு பேர் ஆயிட்டா ஓடி ஒளியாதீங்க. பிடிங்க. அப்பப் பிடிச்சா ரெண்டு புள்ளி.”

ஆறாம் நிமிடம்: “ரெண்டாம் நம்பர், முட்டி வலின்னு சொன்னியே, நீ மொதல்ல பாயாத. அஞ்சாம் நம்பர் தொடையப் பிடிக்கட்டும், நீ அப்புறம் சேந்துக்க.”

எஞ்சிய பேச்சில் பாதி, பழைய தோல்வியை நினைவூட்டுவதும் ஊக்கப்படுத்துவதுமாக இருந்தது. அது கேட்கும்போது பயன் தருவது. சுருக்கத்தில் இடம் பெற வேண்டியதில்லை. ஆனால் பயிற்றுநர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அது எத்தனை முறை வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். “பாயாதீங்க” என்ற சொல் அந்த ஏழு நிமிடத்தில் ஐந்து முறை வந்தது. ஏட்டுப் பத்தியில் மீண்டும் வரும் கருத்தை நீக்குவோம். இங்கே, எது தலையாய உத்தி என்பதை அந்த மீள்சொல்லே காட்டுகிறது.

இனி, தவறு நேரக்கூடிய நான்கு இடங்களைக் காண்போம்.

முதலாவது, இடமும் வலமும். பாடி வருபவர் நம்மை நோக்கி வருகிறார். அவருடைய இடக்கைப் பக்கம் நமக்கு வலக்கைப் பக்கம். நம் ‘வலது கார்னர்’, ‘வலது கவர்’ என்னும் பெயர்களோ, எதிரணியை நோக்கி நிற்கும் நம் பார்வையில் அமைந்தவை. எனவே “எடது பக்கமாத்தான் வருவான்” என்பதை அப்படியே எழுதிவிட்டால், நம் இடது கார்னர் ஆயத்தமாவார். எதிராளியோ வலது கார்னரிடம் வந்து நிற்பார். ‘அவரது இடப்பக்கம், அதாவது நமது வலப்பக்கம்’ என்று இரண்டையும் எழுத வேண்டும். பயிற்றுநர் யாருடைய இடத்தைக் கருதினார் என்பது ஒலிப்பதிவிலிருந்து விளங்காவிட்டால், அவரையே கேட்டுத் தெளிய வேண்டும். “இங்க வந்தா அங்க நில்லு” என்பன போன்ற வாக்கியங்களுக்கும் இதே விதி. கை காட்டிய திசை ஒலியில் பதிவாவதில்லை.

இரண்டாவது, நிபந்தனை. தடுக்கும் அணியில் குறைந்தது ஆறு பேர் களத்தில் இருந்தால்தான் போனஸ் புள்ளி உண்டு என்பது விதி. சுருக்குபவர் ‘9ஆம் எண் போனஸ் எடுக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதிவிட்டால், எதிரணி ஐவராகக் குறைந்த பிறகும் அந்தப் பையன் காலை நீட்டிப் புள்ளியின்றிப் பிடிபடுவான். சொற்களைக் குறைக்கும்போது முதலில் உதிர்வது ‘வரைக்கும்’, ‘ஆயிட்டா’, ‘அப்பத்தான்’ என்னும் சிறு சொற்களே. ஆட்ட உத்தி அந்தச் சொற்களில்தான் தங்கியிருக்கிறது. ஆகையால் ஒவ்வோர் உத்தியையும் ‘எப்போது, என்ன செய்வது’ என்னும் இரு பகுதியாக எழுதுவதே பாதுகாப்பானது.

மூன்றாவது, திருத்தம். முதல் ரெய்டுக்கு இரண்டு எண்கள் பதிவில் வருகின்றன. பின்னால் சொன்னதே செல்லும். முன்னதை அடித்துவிட வேண்டும்; இரண்டையும் எழுதி ஆட்டக்காரரைக் குழப்பக் கூடாது.

நான்காவதே மிகக் கருத்தாகக் கவனிக்க வேண்டியது. இரண்டாம் நிமிடத்தில் பொதுவிதி ஒன்று வருகிறது: கார்னர் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். ஆறாம் நிமிடத்தில், வேறு பேச்சுக்கு இடையே, அதற்கு விலக்கு ஒன்று வருகிறது: 2ஆம் எண் முதலில் பாயலாகாது. அந்த 2ஆம் எண்தான் வலது கார்னர். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரர் வரப்போவதும் அந்தப் பக்கமே. இரண்டு வாக்கியங்களும் நான்கு நிமிட இடைவெளியில் கிடப்பதால், வரிசையாகச் சுருக்கிக்கொண்டு போகிறவர் இரண்டையும் தனித்தனியே எழுதிவிடுவார். உத்திப் பகுதியை மட்டும் படிக்கும் பையன், வலிக்கும் முழங்காலோடு கணுக்காலைப் பிடிக்கப் பாய்வான். ஒரு புள்ளி போனால் ஈட்டிக்கொள்ளலாம், முழங்கால் அப்படியன்று. ஆகவே பொதுவிதியை எழுதும் இடத்திலேயே விலக்கையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதில் நாகரிகம் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. அந்தப் பையனுக்கு முழங்கால் வலி என்பதைச் சுருக்கத்தில் எழுதலாகாது. செய்ய வேண்டியதை எழுதினால் போதும், காரணம் வேண்டா. கைப்பேசியில் அனுப்பிய தாள் கைமாறித் திண்டிவனம் போய்ச் சேர நெடுநேரம் ஆகாது.

இவ்வாறு பிரித்த பின் சரிபார்க்கும் வேலை இருக்கிறது. ஒவ்வோர் உத்தியின் எதிரிலும் அதை நிறைவேற்றும் ஆட்டக்காரரின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஏழு எண்களுக்கும் ஒவ்வொரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். நம் பதிவில் 8ஆம் எண்ணைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுருக்குபவர் தாமாக ஒரு பணியைக் கற்பித்து எழுதக் கூடாது. பயிற்றுநரிடம் கேட்டோம், “அஞ்சு பிடிக்கும்போது நடுக்கோட்டுப் பக்கம் வழிய மறிக்கணும்” என்றார். இடது பக்கம் எதிராளி வந்தால் 1, 4 ஆகிய இருவரும் என்ன செய்வது என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டோம். இறுதியில் ஒரு தாளில் களத்தை வரைந்து, ஏழு புளியங்கொட்டைகளை வைத்து, சுருக்கத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் கொட்டைகளை நகர்த்தினார். நகர்த்த முடியாமல் கை தயங்கும் இடத்தில் வாக்கியம் தெளிவாக இல்லை என்று பொருள்.

முடிவில் கிடைத்த தாள் இது.

உத்திகள்

1. எதிரணி 3ஆம் எண் தம் இடப்பக்கம், அதாவது நமது வலப்பக்கம், வருவார். போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டும் வரை எவரும் பாயக் கூடாது. நீட்டியதும் 5 முதலில் பிடிப்பார். 2 அதன் பின்னரே சேர்வார்.
2. எதிரணியில் ஆறு அல்லது ஏழு பேர் இருக்கும்போது மட்டும் போனஸுக்கு முயல்வது.
3. நாம் மூவராகக் குறைந்தால் ஒதுங்காமல் பிடிக்க முயல்வது. பிடித்தால் இரண்டு புள்ளி.

பணிகள்

9 – முதல் ரெய்டு. போனஸ், உத்தி 2இன்படி.
7 – இரண்டாம் ரெய்டு.
5, வலது கவர் – தொடைப் பிடி, முதலில் பிடிப்பவர்.
2, வலது கார்னர் – முதலில் பாய்வதில்லை; 5 பிடித்த பின் சேர்வது.
8 – 5 பிடிக்கும்போது நடுக்கோட்டுப் பக்கம் வழி மறிப்பது.
1, இடது கார்னர் – எதிராளி நமது இடப்பக்கம் வந்தால் கணுக்கால் பிடி.
4, இடது கவர் – 1 பிடித்ததும் சேர்வது.

ஏழு நிமிடப் பேச்சு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. விழுப்புரத்தில் பேருந்து ஏறுகிற பையன், விக்கிரவாண்டியைத் தாண்டுவதற்குள் இதை இரண்டு முறை படித்துவிடலாம். தனக்குரிய வரியை மட்டுமன்றி, தன் பக்கத்தில் நிற்பவனுக்குரிய வரியையும் அவன் படிக்க வேண்டும். 5 எப்போது பாய்வான் என்று தெரியாத 2, எப்போது சேர்வது என்று அறிய மாட்டான்.

இந்தத் தாளைப் பயிற்றுநர் ஒரு முறை படித்து, சரி என்று சொன்ன பிறகே ஆட்டக்காரர் கையில் கொடுக்க வேண்டும். முந்தின நாள் மாலை சொன்ன திட்டம் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் மாறவும் கூடும். எதிரணி 3ஆம் எண் மறு பக்கமாக வரத் தொடங்கினால், இடைவேளையில் பயிற்றுநர் சொல்லும் புதுச் சொல்லே செல்லும். அப்போது தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.