உங்களுக்குத் தெரியுமா? இரண்டு பத்தி ரெஸ்யூமே மென்பொருளின் கண்ணில் கலைந்துபோகலாம்

பிடிஎஃப் கோப்பில் பெரும்பாலும் வாக்கியங்கள் வரிசையாக இருப்பதில்லை. எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் அமரவேண்டும் என்ற குறிப்புதான் இருக்கிறது. படிக்கும் வரிசையை வேலைவாய்ப்புத் தளத்தின் மென்பொருள் ஊகித்துக்கொள்கிறது. இடப் பத்தியில் ‘திறன்கள், டாலி, எக்செல்’ என்றும், வலப் பத்தியில் ‘பணி அனுபவம், கணக்காளர், 2019–2023’ என்றும் மேலிருந்து கீழாக எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தைக் குறுக்காக வாசிக்கும் மென்பொருளுக்குக் கிடைப்பது ‘திறன்கள் பணி அனுபவம்’, ‘டாலி கணக்காளர்’, ‘எக்செல் 2019–2023’. நான்கு ஆண்டு அனுபவம் கணக்காளர் பதவியை விட்டு எக்செலோடு ஒட்டிக்கொள்கிறது. திறமையைக் காட்ட வரைந்த நட்சத்திரங்களும் பட்டைகளும் வெறும் வடிவங்களாக இருந்தால், அவற்றிலிருந்து ஒரு சொல்லும் கிடைக்காது.

புதிய மென்பொருள்கள் பத்திகளைப் பிரித்தறியுமே என்பார்கள். பல அறிகின்றன, உண்மை. ஆனால் விண்ணப்பிக்கும் நிறுவனம் எதை வைத்திருக்கிறது என்பது விண்ணப்பதாரருக்குத் தெரியாது. ஒற்றைப் பத்தியைப் பெரும்பாலானவை சரியாகப் படிக்கும். அழகான வடிவம் மனிதரைக் கவரும் என்ற வாதமும் நியாயமானதே. அந்தப் பிரதியை நேர்காணலில் கையில் கொடுக்கலாம், தளத்தில் ஏற்றவேண்டாம். சோதிப்பது எளிது: கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி, நோட்பேடில் Ctrl+V செய்யுங்கள். அங்கே பதவியும் ஆண்டும் பிரிந்து கிடந்தால், மென்பொருளும் அப்படியே படிக்க வாய்ப்புண்டு. ஒழுங்காக வந்தால் ஆபத்து குறைவு, முற்றிலும் இல்லை என்று சொல்லமுடியாது. ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் ஊகிக்கிறது.