கணக்கு சார் படம் நோட்டீஸுக்குப் போகும் முன்

“தம்பி, கணக்கு சார் போட்டோ அனுப்பியிருக்கேன். பின்னாடி இருக்கிற சுவரை எடுத்துட்டு, ஆளை மட்டும் வெட்டி நோட்டீஸ்ல வச்சிடுங்க.” ஜூன் நெருங்கினால் டியூஷன் சென்டர் நடத்துபவர்கள் டிசைனருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி இப்படித்தான் இருக்கும்.

நோட்டீஸில் ஆசிரியர் 4 அங்குல உயரத்தில் தெளிவாக நிற்க, அங்குலத்துக்கு 300 வீதம் 1,200 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப் சுருக்கிய குழுப் படத்தில் அவருக்கு 400 பிக்சல்தான் மிஞ்சியிருந்தால், அச்சில் முகம் மங்கிவிடும்.

வெள்ளைச் சுவர் முன் வெள்ளைச் சட்டை என்றால், தோள் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. முடியோரத்தில் ஒட்டியிருக்கும் சுவரின் நிறம், அடர்நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடாகத் துருத்தும்.

அதனால் அசல் படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பி, நோட்டீஸின் பின்னணி நிறத்தையும் செய்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது.